புதுப்பிப்பு: பின் காலிப்பர் பிஸ்டன் உள்ளே போய்விட்டது
முன்பு கேட்டது: "பின் பிரேக் பேட் மாற்றுகிறேன். ஹேண்ட்பிரேக்குக்கு லீவர் இல்லை, பட்டன்தான். கிளாம்ப் போட்டு அழுத்தியும் பிஸ்டன் அசையவில்லை. ஏன்?"

நல்லவேளை, அதற்கு மேல் அழுத்தவில்லை. பிஸ்டனைத் திருகிக்கொண்டே அழுத்தச் சொன்ன நண்பர் பாதி சரி. கேபிள் இழுக்கும் பழைய காலிப்பர்கள் பலவற்றில் அப்படித்தான். என் வண்டியின் பட்டன் ஹேண்ட்பிரேக்கில் காலிப்பரின் முதுகில் ஒரு சின்ன மோட்டார் இருக்கிறது. அது கியர் வழியாக ஒரு திருகைச் சுற்ற, பிஸ்டனுக்குள் இருக்கும் நட்டு முன்னால் வந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. பேட் டிஸ்கை இறுக்கியதும் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் ஏறும். அதைப் பார்த்து கண்ட்ரோல் யூனிட் நிறுத்திவிடும். திருகு தானாகப் பின்னால் சுழலாது, அதனால் மின்சாரம் இல்லாமலே பிடி நிற்கும். நான் அந்த நட்டோடுதான் மல்லுக்கட்டியிருக்கிறேன்!

பக்கத்துத் தெரு மெக்கானிக் அண்ணன் ஸ்கேனரில் சர்வீஸ் மோடு போட்டார். இரண்டு சக்கரத்திலும் ஙொய்ங் என்று சத்தம், நட்டு பின்வாங்கியது. அப்புறம் பிஸ்டன் நேராக, மெதுவாக உள்ளே போனது.

"என் வண்டியில் லீவர் ரொம்ப மேலே வருகிறது" என்றவருக்கு: உங்களுடையது கேபிள் சங்கதி, இது வேறு.

இன்னும் ஒன்று புரியவில்லை. இடப்பக்க மோட்டார் வலப்பக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஓடுகிறது. பேட் இன்னும் படியவில்லை என்கிறார் அண்ணன். எனக்குச் சந்தேகம்தான்.