சிறிய குழுவுக்கான திட்ட மேலாண்மைச் செயலி: மூன்றே வாரத்தில் யாரும் திறப்பதில்லை, எதற்கு மாறலாம்?

வரைவாளி:
வணக்கம். எங்கள் குழுவின் வேலைகளை ஒழுங்குபடுத்த மூன்று வாரங்களுக்கு முன் ஒரு திட்ட மேலாண்மைச் செயலியைக் கொண்டுவந்தேன். முதல் வாரம் எல்லோரும் ஆர்வமாகத்தான் இருந்தார்கள்; இப்போது என்னையும் இன்னொருவரையும் தவிர யாரும் அதைத் திறப்பதே இல்லை. அவர்களைத் திணறடிக்காத, எளிமையான வேறு செயலி ஒன்றைச் சொல்ல முடியுமா? திங்கட்கிழமைக்குள் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

அகல்விளக்கு:
குழுவில் எத்தனை பேர், என்ன வகையான வேலை, இதற்கு முன் வேலைகளை எங்கே பகிர்ந்துகொண்டீர்கள் என்பதைச் சொல்லுங்கள். இப்போதுள்ள செயலியில் ஒரு வேலை எத்தனை நிலைகளைக் கடக்க வேண்டியிருக்கிறது என்பதும் தெரிந்தால் நல்லது.

நெய்தல்:
ட்ரெல்லோவுக்கு மாறுங்கள். அட்டையை ஒரு பத்தியிலிருந்து அடுத்த பத்திக்கு இழுத்து விட்டால் போதும். பயிற்சி வகுப்பே தேவைப்படாது. ஜிரா போன்றவை மென்பொருள் குழுக்களின் பிழைப் பதிவுக்காகப் பிறந்தவை. சிறிய குழுவுக்கு அவை பெரும்பாலும் சுமைதான்.

மணிக்கூண்டு:
எங்கள் இடத்திலும் இதே தொல்லைதான். யார் எத்தனை மணி நேரம் உழைத்தார் என்பதைத் தானாகப் பதியும் வசதியை இயக்கிய பிறகுதான் எல்லோரும் செயலியைத் திறக்கத் தொடங்கினார்கள். நீங்களும் அதை முதலில் இயக்கிப் பாருங்கள்.

அகல்விளக்கு:
மணிக்கூண்டு, அவர் நேரப்பதிவைப் பற்றிக் கேட்கவில்லை. ஏற்கெனவே விலகி நிற்பவர்களிடம் கண்காணிப்பைக் கொண்டுபோனால், செயலி என்றாலே வேவு பார்ப்பது என்ற எண்ணம் ஊன்றிவிடும். அதை மாற்றுவது மிகக் கடினம்.

கல்வெட்டு:
இந்தக் கேள்வி இங்கே பலமுறை வந்திருக்கிறது. தேடிப் பார்க்கும் வழக்கம் இருந்தால் புதிய இழை தேவைப்பட்டிருக்காது. பத்துப் பேருக்குக் குறைவான குழுவுக்குச் செயலியே வேண்டாம், ஒரு விரிதாள் போதும். அதைக்கூட நிரப்பாத குழுவை எந்தச் செயலியும் திருத்தாது.

வரைவாளி:
விவரங்களை விட்டுவிட்டேன், மன்னிக்கவும். நாங்கள் ஆறு பேர். வாடிக்கையாளர்களுக்குச் சிற்றேடுகளும் பயிற்சிக் கையேடுகளும் எழுதி வடிவமைக்கிறோம். இதுவரை எல்லாம் அரட்டைக் குழுவில்தான் நடந்தது, அவசர வேலைகளை இன்றும் அங்கேதான் சொல்கிறேன். செயலியில் ஒன்பது நிலைகள் வைத்தேன். ஒவ்வொரு வேலைக்கும் பதினொரு கட்டாயப் புலங்கள் உள்ளன. பழைய விரிதாளிலிருந்து ஏறத்தாழ 140 வேலைகளை முதல் நாளே ஏற்றிவிட்டேன். விரிதாளையும் முன்பு பயன்படுத்தியிருக்கிறோம், கல்வெட்டு. வரைவு ஓரிடத்திலும் அதைப் பற்றிய பேச்சு வேறிடத்திலும் சிதறிப் போனதால்தான் இதற்கு வந்தோம்.

அகல்விளக்கு:
இப்போது படம் தெளிவாகிறது. நெய்தல் சொன்ன எளிமை சரியானதுதான். ஆனால் அந்த ஒன்பது நிலைகளையும் பதினொரு புலங்களையும் வேறு செயலிக்குத் தூக்கிச் சென்றால் அங்கும் இதேதான் நடக்கும். திங்கட்கிழமை செயலியை மாற்ற வேண்டாம், பலகையை மாற்றுங்கள்.

உங்கள் குழு விலகியதற்கு முதன்மைக் காரணம், நீங்களே எழுதியிருக்கும் அந்த அவசர வேலைகள்தான் என்று நினைக்கிறேன். வேலை அரட்டையில் பிறந்து, அரட்டையிலேயே முடிந்து, பிறகு செயலியில் பதியப்பட வேண்டுமென்றால், அது வேலை செய்பவருக்கு உதவும் கருவி அல்ல, உங்களுக்காக எழுதும் இரண்டாவது கணக்கு. நெருக்கடியான வாரத்தில் யாரும் முதலில் கைவிடுவது அந்த இரண்டாவது கணக்கைத்தான்.

ஆகவே புதிய, வெறுமையான பலகை ஒன்றைத் திறந்து நான்கு பத்திகள் மட்டும் வையுங்கள்: அடுத்து, கையில், காத்திருக்கிறது, முடிந்தது. அந்த 140 வேலைகளையும் பழைய இடத்திலேயே விட்டுவிட்டு, இன்று உண்மையிலேயே யாராவது தொட்டுக்கொண்டிருக்கும் வேலைகளை மட்டும், ஆறு பேரும் ஒன்றாக உட்கார்ந்து, அவரவர் கையாலேயே எழுதட்டும். கட்டாயப் புலங்கள் இரண்டு போதும்: தலைப்பு, பொறுப்பாளர் பெயர். தலைப்பைப் படித்தாலே வேலை எப்போது முடிந்ததாகும் என்பது விளங்க வேண்டும். ‘கையேடு’ என்று எழுதிய அட்டை மாதக்கணக்கில் நகராது; ‘கையேட்டின் 3ஆம் பக்கப் படத்தை மாற்றி வாடிக்கையாளருக்கு அனுப்புதல்’ என்பது இரண்டு நாளில் நகர்ந்துவிடும்.

‘காத்திருக்கிறது’ பத்தியை மட்டும் விட்டுவிடாதீர்கள். உங்கள் தொழிலில் பாதி வேலை வாடிக்கையாளரின் ஒப்புதலுக்காக நிற்கும். அது ‘கையில்’ பத்தியிலேயே கிடந்தால் பொறுப்பாளர் சோம்பேறி போலத் தெரிவார், அந்தப் பலகையைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்காமல் போய்விடும். யாருக்காகக் காத்திருக்கிறோம் என்பதை அட்டையிலேயே எழுதச் சொல்லுங்கள்.

மின்னஞ்சல் அறிவிப்புகளை இன்றே பாருங்கள். பல செயலிகளில் ஒவ்வொரு சிறு மாற்றத்துக்கும் அஞ்சல் போகும். அப்படியிருந்தால், 140 வேலைகளை ஏற்றிய அன்று உங்கள் குழுவினருக்கு எத்தனை அஞ்சல்கள் வந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தன் பெயரை யாராவது குறிப்பிடும்போது மட்டும் வரும்படி அமையுங்கள்.

நெய்தல்:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கெடு தேதியையும் கட்டாயமாக்க வேண்டாமா? தேதி இல்லாத அட்டையை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள்.

அகல்விளக்கு:
வாடிக்கையாளருக்கு வாக்களித்த தேதி இருந்தால் எழுதுங்கள். புலத்தை நிரப்புவதற்காக மனம்போன தேதியைப் போட்டால், இரண்டு வாரத்தில் பலகை முழுவதும் சிவந்துவிடும். பிறகு உண்மையான கெடுவும் அந்தச் சிவப்பில் மறைந்துபோகும். அதைவிட, கையிலுள்ள வேலைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பது பயன் தரும். பதினெட்டு வேலைகளைத் தொடங்கி வைத்து வாரத்துக்கு ஆறு முடிக்கும் குழுவில், ஒரு வேலை முடிய சராசரியாக மூன்று வாரம் ஆகும். முடிக்கும் வேகம் குறையாமல் கையிலுள்ளதை ஒன்பதாகக் குறைத்தால், அது ஒன்றரை வாரமாகிவிடும்.

கல்வெட்டு:
காகிதத்தில் கணக்கு அழகாக இருக்கிறது. மேலிடத்திலிருந்து அவசரம் என்று வரும்போது எந்த வரம்பும் நிற்காது என்பதை அனுபவத்தில் கண்டவன் நான். கெடு தேதியைத்தான் மேலிடம் புரிந்துகொள்ளும்.

அகல்விளக்கு:
நிற்காத நாட்கள் உண்டு என்பதை மறுக்கவில்லை. அப்போது வரம்பை மீறியது பலகையில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும், எந்த வேலையை நிறுத்திவைப்பது என்று மேலிடத்தையே கேட்க முடியும். தேதி மட்டும் இருந்தால் அந்தப் பேச்சே எழாது.

நெய்தல்:
எனக்கு இன்னும் முழு உடன்பாடில்லை. அச்சகத்துக்கு அனுப்ப வேண்டிய வேலைகளுக்காவது தேதி கட்டாயம் வேண்டும்.

வரைவாளி:
சரி, நான்கு பத்திகளோடு முயல்கிறேன். ஆனால் அரட்டையை முற்றிலும் நிறுத்தச் சொன்னால் குழுவில் இருவர் நிச்சயம் எதிர்ப்பார்கள்.

அகல்விளக்கு:
நிறுத்த வேண்டாம். பேச்சு அங்கேயே நடக்கட்டும். நீங்கள் மட்டும் ஒரு பழக்கத்தை மாற்றுங்கள்: ‘இதைச் செய்து தர முடியுமா’ என்று எழுதுவதற்கு முன் அட்டையை உருவாக்கி, அதன் இணைப்பை அரட்டையில் இடுங்கள். ‘அது எங்கே நிற்கிறது’ என்று யாரையும் கேட்பதற்கு முன் பலகையைப் பாருங்கள். தினமும் பத்து நிமிடம் பலகையைத் திறந்து வைத்து, ஆட்களை வரிசையாகக் கேட்காமல், அட்டைகளை ‘முடிந்தது’ பக்கமிருந்து பின்னோக்கிப் பாருங்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு நாள், ஒவ்வொருவரிடமும் இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுப் பலகையோடு ஒப்பிடுங்கள். சொன்னதில் பலகையில் இல்லாதது ஒன்றிரண்டு என்றால் நல்ல நிலை. பாதிக்கு மேல் இல்லையென்றால், வேலை இன்னும் வேறு வழியில் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

வரைவாளி (பதினேழு நாட்களுக்குப் பின்):
சுருக்கமாகச் சொல்கிறேன். நேற்று ஒப்பிட்டேன்: ஆறு பேரும் சேர்ந்து பதினான்கு வேலைகளைச் சொன்னார்கள், மூன்று பலகையில் இல்லை. அந்த மூன்றில் இரண்டு நான் தொலைபேசியில் சொன்னவை. ஐந்து பேர் தாமாகவே அட்டையை நகர்த்துகிறார்கள். ஒருவர் இன்னும் திறப்பதில்லை, அவருடைய அட்டைகளைப் பக்கத்து இருக்கைக்காரர் நகர்த்துகிறார்.

அகல்விளக்கு:
அவர் திறக்காததற்கு என்ன காரணம் சொல்கிறார்? கைப்பேசியிலா, கணினியிலா பார்க்கிறார்?