'ரிமோட் எடுக்கிறேன்' என்பதற்கு எத்தனை சொல் வேண்டும்?

முருகேசன், திண்டுக்கல்

அனைவருக்கும் வணக்கம். நான் கணினி, செல்போன் பழுது பார்ப்பவன். இப்போதெல்லாம் பாதி வேலையைக் கடையில் உட்கார்ந்தபடியே, தூரத்திலிருந்தே இன்னொருவர் கணினிக்குள் போக உதவும் எனிடெஸ்க் மாதிரியான செயலிகள் வழியாகத்தான் செய்கிறேன். வாடிக்கையாளர் கையில் கொடுக்கத் தமிழில் ஒரு பக்கத் தாள் எழுத உட்கார்ந்தேன். அவருடைய கணினிக்குள் வந்து என்ன செய்வேன், அதற்கு எவ்வளவு வாங்குவேன் என்று எழுத வேண்டும். முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். "ரிமோட் எடுக்கிறேன்" என்று நாங்கள் சொல்லும் அந்த ஒன்றுக்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். ஒட்டன்சத்திரத்தில் ஒரு காய்கறி மண்டி, இரண்டு கணினி, ஒரு பிரிண்டர். காலையில் மின்சாரம் போய் வந்ததிலிருந்து பில் அச்சாகவில்லை. பிரிண்டரில் பச்சை விளக்கு எரிகிறது, தாளும் இருக்கிறது, ஆனால் கணினியில் பார்த்தால் Offline என்று வருகிறது. முதலில் திரையை மட்டும் காட்டச் சொன்னேன். கணினியில் பிரிண்டருக்கு என்ன முகவரி போட்டிருக்கிறது என்று பார்த்து, அங்கிருந்து பதில் வருகிறதா என்று அறிய இந்தக் கட்டளையை மண்டிக்காரரையே தட்டச் சொன்னேன்.

```
ping 192.168.1.5
```

Destination host unreachable என்று வந்தது, அதாவது அந்த முகவரியில் பதில் சொல்ல யாரும் இல்லை. பிரிண்டரின் பொத்தானை அழுத்தி அதன் நெட்வொர்க் விவரத்தை அச்செடுக்கச் சொன்னேன். அதில் 192.168.1.12 என்று இருந்தது. மின்சாரம் திரும்பியபோது ரௌட்டர் பிரிண்டருக்குப் புது எண் கொடுத்துவிட்டது, கணினி பழைய எண்ணுக்கே பில்லை அனுப்பிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பிறகுதான் மவுஸைக் கேட்டு வாங்கினேன். பில் புது எண்ணுக்குப் போகும்படி கணினியில் ஒரு போர்ட் சேர்த்தேன், ரௌட்டரில் அந்த எண் இனி மாறாதபடி பதிந்து வைத்தேன். இருபது நிமிடத்தில் முடிந்தது.

விஷயம் அப்புறம்தான். வெளியே வருவதற்கு முன் அவருடைய செயலியின் அமைப்பைத் திறந்து பார்த்தேன். Unattended Access என்ற இடத்தில் ஏற்கெனவே ஒரு கடவுச்சொல் இருந்தது. அவர் வைத்ததில்லை, நானும் வைத்ததில்லை. முன்பு பழுது பார்த்த ஒருவர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தக் கடவுச்சொல் தெரிந்தவர் நள்ளிரவில் கூட, யாரும் அனுமதி கொடுக்காமலேயே உள்ளே வரலாம். "அவர் ரிமோட் போடட்டுமான்னு கேட்டார், நான் சரின்னேன்" என்கிறார் மண்டிக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. சொல் ஒன்றாக இருந்ததால் எதற்குச் சரி சொன்னார் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

அதனால் எனக்கு மூன்று சொல் வேண்டும். நான் பார்க்க மட்டும் செய்வது ஒன்று, நானே மவுஸைப் பிடித்து இயக்குவது இன்னொன்று, அவர் இல்லாதபோதும் நான் வரலாம் என்பது மூன்றாவது. மண்டிக்காரர் படித்தவுடன் வித்தியாசம் தெரிய வேண்டும்.

இராசேந்திரன், தஞ்சாவூர்

அன்புள்ள முருகேசன், இவற்றுக்குச் சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றனவே. முதலாவது திரைப்பகிர்வு, இரண்டாவது தொலை இயக்கம், மூன்றாவது ஆளில்லா அணுகல். முப்பது ஆண்டு தமிழ் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், புழக்கத்துக்கு வந்துவிட்ட சொல்லைக் கலைத்துப் புதிதாகச் செய்தால் அது நிற்காது.

இன்னொன்று. முதலாவதில் நீங்கள் பார்க்க மட்டும்தானே செய்கிறீர்கள்? எதையும் தொட முடியாதபோது அதில் ஆபத்து ஏது? தாளில் இரண்டாவதையும் மூன்றாவதையும் விளக்கினால் போதும் என்பது என் கருத்து.

அருள்மொழி, கோவை

ஐயா, புழக்கச் சொல்லைக் கலைக்கக்கூடாது என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் பார்வையில் ஆபத்து இல்லை என்பதை ஏற்க முடியவில்லை. பத்து ஆண்டுகளாக ஓர் அலுவலகத்தின் கணினி உதவிப் பிரிவில் இருக்கிறேன். பணம் பறிப்பவனுக்குப் பல நேரம் பார்வை மட்டுமே போதும். கார்டு எண்ணை முன்பே பேச்சுக் கொடுத்து வாங்கியிருப்பான், அவனுக்கு வேண்டியது ஓடிபி மட்டும். போன் திரை அவனுக்குத் தெரிந்துகொண்டிருக்கும்போது குறுஞ்செய்தி வந்தால் பல போன்களில் திரையின் மேலே அந்த ஆறு எண்ணும் தானாக இறங்குகின்றன. அவன் எதையும் தொட வேண்டியதில்லை. 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி இந்த வகைச் செயலிகளை வைத்து நடக்கும் மோசடியைப் பற்றி வங்கிகளை எச்சரித்தது.

அதனால்தான் 'பகிர்வு' எனக்கு உறுத்துகிறது. பகிர்வு என்றால் இருவருக்கும் பங்கு உண்டு என்ற இதமான ஓசை அதில் இருக்கிறது. இங்கே நடப்பது ஒருவர் காட்டுகிறார், இன்னொருவர் பார்க்கிறார். திரைகாட்டல் என்று சொன்னால் காட்டுகிறவர் நான்தான், என்ன காட்டுகிறேன் என்று நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது சொல்லிலேயே வந்துவிடுகிறது.

முருகேசன் மூன்றாகப் பிரித்தது கருவிகளிலும் அப்படியே இருக்கிறது. விண்டோஸில் கூடவே வரும் Quick Assist-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். உதவுகிறவர் ஒரு குறியீடு தருவார், மற்றவர் அதைத் தட்டித் திரையைக் காட்டுவார். அந்த நிலையில் உதவுகிறவர் பார்க்கத்தான் முடியும். மவுஸ் வேண்டுமென்றால் தனியாகக் கேட்க வேண்டும், அந்தப் பக்கம் Allow அழுத்த வேண்டும். மூன்றாவது வகை அதில் கிடையவே கிடையாது. ஆண்ட்ராய்டிலும் பார்வைக்கு ஒரு கதவு, இயக்கத்துக்கு வேறு கதவு. திரையைக் காட்டவா என்று போன் கேட்பது ஒன்று. இயக்க விடுவதற்கு Accessibility அமைப்புக்குள் போய் வேறோர் அனுமதியைத் திறக்க வேண்டும். வேலை முடிந்ததும் அதை மூட மறப்பவர்கள்தான் அதிகம்.

கலா, சிங்கப்பூர்

எனக்குச் சொல் ஆராய்ச்சி தெரியாது, ஆனால் இதைப் படித்ததும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. அம்மா காரைக்குடியில் தனியாக இருக்கிறார். போன மாதம் போன் மெதுவாக இருக்கிறது என்று ஒருவரிடம் ரிமோட்டில் காட்டினார். அவர் படங்களை எல்லாம் ஒதுக்கி இடம் பண்ணிக் கொடுத்தார், அது நன்றாகவே இருந்தது. ஆனால் ஐந்நூறு ரூபாயை அந்த இணைப்பில் இருந்தபடியே ஜிபேயில் அனுப்பச் சொன்னார். அம்மா வங்கிச் செயலியைத் திறந்து இருப்பைப் பார்த்தபோது, "எனக்கு இங்க கறுப்பாத் தெரியுது, உங்க போன்ல கோளாறு இருக்கு, அதையும் பார்க்கணும்" என்றாராம். போன் கெட்டுவிட்டதா?

அம்மா அன்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அவன்கிட்ட போனைக் கைமாத்தாக் குடுத்த மாதிரி இருந்துச்சுடி, எப்பத் திருப்பித் தருவான்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்."

அருள்மொழி

கலா, போனில் கோளாறு இல்லை. தன் பக்கம் வெளியே தெரியக்கூடாது என்று அந்த வங்கிச் செயலியே தடுக்கிறது, அதனால்தான் அவருக்குக் கறுப்பு. அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். ஆனால் அந்தக் கறுப்பை நம்பி இருந்துவிடவும் கூடாது. எல்லாச் செயலியும் அப்படித் தடுப்பதில்லை.

காசு கொடுப்பதை இணைப்பைத் துண்டித்த பிறகுதான் செய்ய வேண்டும். முருகேசன், இதை உங்கள் தாளில் பெரிய எழுத்தில் போடுங்கள். அம்மா போனில் Accessibility-க்குள் அந்தச் செயலி இன்னும் திறந்திருக்கிறதா என்று இன்றே பார்க்கச் சொல்லுங்கள் கலா. திறந்திருந்தால் அணைத்துவிட்டுச் செயலியையும் நீக்கிவிடலாம். கணக்கிலிருந்து தெரியாமல் பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே அழைக்க வேண்டும்.

அப்புறம், அந்தக் 'கைமாற்று'! இரண்டாவதற்கு இதைவிட நல்ல சொல் எனக்குத் தோன்றவில்லை. கொடுப்பது என் பொருள், கொஞ்ச நேரத்துக்குத்தான், திரும்பி வந்தாக வேண்டும். இந்த மூன்று பொருளும் அந்த ஒரு சொல்லிலேயே இருக்கின்றன.

சிவகுமார், யாழ்ப்பாணம்

எல்லாருக்கும் வணக்கம். எங்கட பக்கம் பலர் 'சேய்மை' என்ற சொல்லையும் பாவிப்பினம். சேய்மை உதவி, சேய்மை இயக்கம் என்று அழகாகச் சேரும். 'தொலை' என்றால் தொலைஞ்சு போறதும் ஞாபகம் வருகுதெல்லோ?

இராசேந்திரன்

சிவகுமார் சொல்வது மனத்துக்கு இனிக்கிறது. இலக்கணத்தில் அண்மை விளி, சேய்மை விளி என்றே உண்டு. தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடும்போது பெயரின் ஓசை நீள்வதைச் சொல்வது அது. எட்ட இருப்பவருக்கு உதவுவதற்கு நல்ல பொருத்தம். ஆனால் தொலைபேசியும் தொலைக்காட்சியும் நிலைத்துவிட்ட பிறகு 'தொலை' தொலைந்துபோவதை நினைவூட்டும் என்பதை நான் ஏற்கவில்லை.

பார்வை பற்றி நான் எழுதியது தவறு, அருள்மொழி. ஓடிபி எனக்குத் தோன்றவில்லை. திரைகாட்டலை ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாவதற்கு நான் சொன்ன 'ஆளில்லா அணுகல்' ஆளில்லா ரயில்வே கேட் போல ஒலிக்கிறது, கேட்பவருக்கு எதைக் கொடுக்கிறோம் என்று தெரியவில்லை. நிலைச்சாவி எப்படி? நிலையாக இருக்கும் சாவி. வீட்டு வாசலுக்கும் நிலை என்று பெயர் இருக்கிறது. சாவி என்றதும் "யார் கையில் இருக்கிறது, எத்தனை பேரிடம் இருக்கிறது?" என்ற கேள்வி தானாக வரும்.

ஆனால் கைமாற்றைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. அது கடன். வட்டியில்லாக் கடன், ஆனாலும் கடன்.

முருகேசன்

நிலைச்சாவியை இன்று காலையே சோதித்துப் பார்த்தேன். மண்டிக்காரரைக் கூப்பிட்டு, "உங்க கம்ப்யூட்டர்ல யாரோ நிலைச்சாவி வச்சிருந்தாங்க, எடுத்துட்டேன்" என்றேன். "சாவியா? யார்கிட்ட?" என்றுதான் முதலில் கேட்டார். ஐயா, நீங்கள் சொன்னபடியே. சேய்மை எனக்கும் பிடித்திருக்கிறது சிவகுமார், ஆனால் என் கடைக்கு வருகிறவர்கள் 'சேய்' என்றதும் தாய்சேய் நல விடுதியை நினைப்பார்கள். தாளின் தலைப்பில் 'தொலை உதவி' என்றே போடுகிறேன்.

கைமாற்றில் ஐயாவின் தயக்கம் எனக்கும் வந்தது. பில்லில் 'கைமாற்று ரூ. 350' என்று அச்சிட்டுப் பார்த்தேன். கணக்கு எழுதும் என் தம்பி அதைப் பார்த்துவிட்டு, "யாருக்குண்ணே கடன் குடுத்த?" என்றான். அதனால் பில்லில் அந்தச் சொல் வராது, அனுமதித் தாளில் மட்டும் வரலாம்.

கூலியை இப்படி எழுதியிருக்கிறேன். திரைகாட்டலில் பார்த்து, கோளாறு இதுதான் என்று சொல்ல 150 ரூபாய். என்னால் தீர்க்க முடியாவிட்டாலும் அது உண்டு. "வீட்டுக்கே வரலையே, எதுக்குக் காசு?" என்று கேட்பவர்களுக்காக, பார்த்துச் சொல்வதும் வேலைதான் என்று அதன் கீழேயே எழுதிவிட்டேன். சரிசெய்தால் அந்த 150-ஐயும் சேர்த்து வீட்டுக்கு 350, அலுவலகத்துக்கு 600. இலவசமாகக் கிடைக்கும் சில செயலிகளைக் காசு வாங்கிச் செய்யும் வேலைக்குப் பயன்படுத்தக்கூடாது, உரிமம் வாங்க வேண்டும். அந்தச் செலவும் இதில் அடக்கம். நிலைச்சாவிக்குத் தனிக் கையெழுத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கடவுச்சொல் மாற்றம். இணைப்பைத் துண்டித்தபின் மட்டும் பணம் என்பது பெட்டி கட்டிய வரியில்.

வெள்ளிக்கிழமை ஐம்பது தாள் அச்சடிக்கிறேன். பாதியில் இரண்டாவது வரி 'கைமாற்று', மீதியில் 'தொலை இயக்கம்'. வாடிக்கையாளர்கள் போனில் பேசும்போது எந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்கிறார்கள் என்று குறித்து வைத்து எழுதுகிறேன்.

கலா

அம்மா போனில் அது திறந்துதான் இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் வந்து அணைத்துக் கொடுத்தாள், பணம் எதுவும் போகவில்லை. அம்மா என்னிடம் சொன்னது, "கைமாத்து இன்னிக்குத்தான் திரும்பி வந்துச்சு."