கால் டிராப்புக்கு 1 ரூபாய்: விதியை ரத்து செய்தது சரிதானா?

புவனா:
தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயை அமைத்த டிராய் சட்டம், 1997-ன் 36-வது பிரிவு, சட்டத்தின் நோக்கங்களை நிறைவேற்ற ஒழுங்குமுறை விதிகள் போடலாம் என்கிறது. நுகர்வோரைக் காப்பதும் அந்தச் சட்டத்தின் நோக்கம்தான். அப்படியிருக்க, கால் டிராப்புக்கு நிறுவனம் 1 ரூபாய் தர வேண்டும் என்ற டிராயின் விதியை உச்ச நீதிமன்றம் எந்த அடிப்படையில் ரத்து செய்தது? இது கொள்கை முடிவில் தலையிடுவது ஆகாதா?

இளங்கோ வக்கீல்:
விதியின் வாசகத்திலிருந்தே தொடங்கலாம். 2015 அக்டோபர் 16-ல் வந்தது, 2016 ஜனவரி 1 முதல் அமல். அழைப்பவரின் நிறுவனம், தன் நெட்வொர்க்குக்குள் துண்டிக்கப்படும் ஒவ்வொரு அழைப்புக்கும் 1 ரூபாயை அவர் கணக்கில் வரவு வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று அழைப்புகள் வரைதான். நான்கு மணி நேரத்துக்குள் அவருக்குக் குறுஞ்செய்தியும் போக வேண்டும். அழைப்பு யாருடைய தவறால் துண்டிக்கப்பட்டது என்ற கேள்வியே அதில் கிடையாது.

இப்போது இதே டிராய் 2009-ல் போட்ட சேவைத் தர விதிகளைப் பக்கத்தில் வையுங்கள். மாத சராசரியில் 2 சதவீதம் வரை கால் டிராப் இருக்கலாம் என்று அவையே அனுமதித்தன. அதாவது, ஒரு நிறுவனம் 1 சதவீதத்தில் நின்றால் அது தரத்தைக் காப்பாற்றிவிட்டது. ஆனால் அந்த 1 சதவீதத்துக்கும் பணம் கட்ட வேண்டும். ஒரு கையால் அனுமதித்துவிட்டு மறு கையால் அபராதம் போடுவதை நீதிமன்றம் ஏற்கவில்லை.

அடுத்தது இன்னும் வலுவானது. 2015 நவம்பர் 13 தேதியிட்ட டிராயின் தொழில்நுட்ப ஆவணமே, சராசரியாக 36.9 சதவீத கால் டிராப்புகள் நுகர்வோர் பக்கத்துக் காரணங்களால் வருகின்றன என்று சொன்னது. அப்படியென்றால் நூறு சதவீதப் பழியும் நிறுவனத்தின் மேல் என்ற விதி எந்த அடிப்படையில் நிற்கும்? வெளிப்படையாகவே தன்னிச்சையானது, சமத்துவத்தைச் சொல்லும் அரசமைப்புச் சட்டத்தின் 14-வது பிரிவுக்கு முரணானது என்று 2016 மே 11-ல் நீதிபதிகள் குரியன் ஜோசப், நாரிமன் அமர்வு ரத்து செய்தது. அதற்கு முன் பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் இதே விதியைச் செல்லும் என்றிருந்தது.

சபாபதி (ஓய்வு):
வக்கீல் சார் சொன்ன விவரங்களில் எனக்குச் சண்டை இல்லை, முடிவில்தான் இருக்கிறது. துறையில் இருந்த காலத்தில் விதிகள் வரைவது என் வேலை. அதனால் இந்தத் தீர்ப்பை ஜீரணிக்க முடியவில்லை.

முதலாவது, அந்த 36.9 சதவீத ஆவணம் விதி வந்த பிறகு வெளியானது. விதி போடும் நாளில் கையில் இல்லாத ஒரு தாளை வைத்து, அன்று எடுத்த முடிவு தன்னிச்சையானது என்று எப்படிச் சொல்வது? இரண்டாவது, 2 சதவீதம் என்பது ஒட்டுமொத்த நெட்வொர்க்கின் மாதச் சராசரி. என் பகுதியில் டவர் சரியில்லை, எனக்கு மட்டும் பத்துக்கு நான்கு அழைப்புகள் அறுகின்றன என்றால் சராசரி எனக்கு என்ன செய்யும்? தரத்துக்கு ஒரு விதி, தனி மனிதரின் எரிச்சலுக்கு ஒரு விதி என்று இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். அரசுத் தரப்பு இதைத்தான் சொன்னது.

1984-ல் மகாராஷ்டிரத் தேர்வு வாரிய வழக்கில், விடைத்தாள் மறுமதிப்பீடு கிடையாது என்ற விதியை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, அதை மீண்டும் உயிர்ப்பித்தது இதே உச்ச நீதிமன்றம். விதி புத்திசாலித்தனமானதா, இதைவிட நல்லது இருக்கிறதா என்று பார்ப்பது நீதிமன்றத்தின் வேலை இல்லை என்றது. கால் டிராப் வழக்கில் அந்த எச்சரிக்கை காற்றில் போய்விட்டது என்பதே என் வாதம்.

தினேஷ்:
இதில் எல்லாரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். டிராய் சட்டத்தின் 37-வது பிரிவுப்படி ஒவ்வொரு விதியும் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் தாக்கல் செய்யப்படுகிறது. 30 நாள் அங்கே கிடக்கிறது, எம்.பி.க்கள் மாற்றலாம், நீக்கலாம். யாரும் எதுவும் சொல்லவில்லை என்றால் அது நாடாளுமன்றம் ஒப்புக்கொண்ட விதி. அப்புறம் அதற்கும் சட்டத்துக்கும் என்ன வித்தியாசம்?

இளங்கோ வக்கீல்:
தம்பி, தாக்கல் ஆகிறது என்பது சரி. அதனால் விதி சட்டமாகிவிடாது. 1972-ல் ஹுகம் சந்த் வழக்கில் இது முடிந்துபோன விஷயம். இடம்பெயர்ந்தோர் இழப்பீட்டு விதிகளில் ஒரு திருத்தத்தை முன்தேதியிட்டுக் கொண்டுவந்தார்கள். முன்தேதியிடும் அதிகாரத்தை, விதி போட அதிகாரம் தந்த தாய்ச் சட்டம் தரவில்லை. அவைகளின் முன் வைத்தோமே என்று அரசு சொன்னது. தாய்ச் சட்டம் தராத அதிகாரத்தை அவையில் வைத்த ஒரு தாள் தராது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. யாரும் எழுந்து எதிர்க்காதது ஒப்புதல் ஆகாது. எத்தனை விதிகளை யார் படிக்கிறார்கள் என்பது நமக்கும் தெரியும்.

சபாபதி சாரின் வாதத்துக்கு வருகிறேன். தேர்வு வாரிய வழக்கில் விதிக்குப் பின்னால் ஒரு காரணம் இருந்தது. லட்சக்கணக்கான விடைத்தாள், முடிவு தாமதமாகும், இறுதி என்று ஒன்று வேண்டும். பிடிக்கிறதோ இல்லையோ, காரணம் விதியோடு ஒட்டியது. இங்கே காரணத்தை நீதிமன்றம் தேடியது, கிடைக்கவில்லை. 1 ரூபாய் என்ற தொகை எந்த நஷ்டத்தைக் கணக்கிட்டு வந்தது? டிராயே அதைப் பெயரளவிலான நிவாரணம் என்றுதான் சொன்னது. நஷ்டத்தை அளக்காமல், தவறு யாருடையது என்று பார்க்காமல் வசூலித்தால் அதற்கு இழப்பீடு என்று பெயரில்லை, தண்டனை.

மேகலா:
இதைப் படித்ததும் என் விஷயம் நினைவுக்கு வந்தது. நான் ஒரு வாரியத்தில் வேலை. எங்கள் பதவி உயர்வு ஒழுங்குமுறையை மாற்றி, அது நான்கு வருடத்துக்கு முன்பிருந்தே செல்லும் என்று போட்டுவிட்டார்கள். என் சீனியாரிட்டி கீழே போய்விட்டது. ஹுகம் சந்த் வழக்கைக் காட்டினால் போதுமா?

இளங்கோ வக்கீல்:
போதுமா என்று பார்க்க ஒரு தாள் வேண்டும் மேடம்: அந்த ஒழுங்குமுறை எந்தப் பிரிவின் கீழ் போடப்பட்டது என்று அறிவிக்கையின் முதல் பத்தியிலேயே இருக்கும். வாரியத்தை அமைத்த சட்டத்தின் கீழ் என்றால், அந்தச் சட்டத்தில் முன்தேதியிடும் அதிகாரம் இருக்கிறதா என்று தேடுங்கள், இல்லையென்றால் உங்களுக்கு நல்ல வழக்கு. அரசு ஊழியர்களுக்கு அரசமைப்புச் சட்டத்தின் 309-வது பிரிவின் கீழ் வரும் விதிகள் வேறு ரகம். அவற்றை முன்தேதியிட்டுப் போட முடியும், ஆனால் ஏற்கெனவே கைக்கு வந்துவிட்ட உரிமையைப் பறிக்க முடியாது. சீனியாரிட்டியில் வரப்போகும் வாய்ப்பு அப்படிப்பட்ட உரிமையா என்பதில்தான் இழுபறி வரும். உள்ளூர் வக்கீலிடம் அந்த அறிவிக்கையோடு போங்கள்.

புவனா:
தன்னிச்சை என்ற காரணம் புரிகிறது. ஆனால் என் கேள்வியின் முதல் பாதி அப்படியே நிற்கிறது. நுகர்வோர் நலன் சட்டத்தின் நோக்கம் என்றால், அதற்காகப் போட்ட விதி அதிகாரத்துக்கு உட்பட்டதுதானே?

இளங்கோ வக்கீல்:
நோக்கம் என்று ஒரு சொல் இருந்தால் அதன் கீழ் எந்த நல்ல காரியத்தையும் நுழைக்கலாம் என்றில்லை. கேரளத்தில் நடந்ததைப் பாருங்கள். 1996-ல் சாராயத்துக்குத் தடை வந்தது, தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். ஒவ்வொரு கள்ளுக்கடையும் அவர்களில் ஒருவருக்கு வேலை தர வேண்டும் என்று அப்காரிச் சட்டத்தின் கீழ் விதி போட்டார்கள். வேலை இழந்தவனுக்கு வேலை கொடுப்பதை யார் தப்பென்பார்கள்? ஆனால் அந்தச் சட்டம் மது உற்பத்தி, விற்பனையை ஒழுங்குபடுத்த வந்தது. மறுவாழ்வு அதன் வேலை இல்லை. 2006-ல் உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது.

டிராய் சட்டத்தின் முகப்புரையைப் படியுங்கள். அது நுகர்வோரை மட்டும் சொல்லவில்லை, சேவை வழங்குவோரின் நலனையும் சேர்த்தே சொல்கிறது. 11-வது பிரிவு லைசென்ஸ் நிபந்தனைகளைக் கடைப்பிடிக்க வைப்பது, தரத்தை நிர்ணயிப்பது என்று வேலையைப் பிரித்துத் தருகிறது. 2 சதவீதத்துக்குள் இருக்கும் நிறுவனம் இரண்டையும் மீறவில்லை. பிறகு அதனிடம் பணம் வாங்குவது எந்த வேலையின் கீழ் வரும்? அதிகாரக் குறையும் தன்னிச்சையும் இந்த வழக்கில் ஒரே இடத்தில் வந்து சந்திக்கின்றன.

ராஜி:
எனக்குத் தினமும் கால் டிராப் ஆகிறது. அந்த 1 ரூபாயை எந்தத் தீர்ப்பாயத்தில் கேட்பது?

தினேஷ்:
அக்கா, விதியே போய்விட்டது, கேட்க முடியாது. ஒரு விதி செல்லுமா என்ற கேள்வியையும் தொலைத்தொடர்புத் தீர்ப்பாயம் விசாரிக்க முடியாது, உயர் நீதிமன்றத்தில் ரிட் போட வேண்டும் என்று பி.எஸ்.என்.எல். வழக்கில் 2013-லேயே சொல்லிவிட்டார்கள். உங்கள் டவர் பிரச்சினைக்கு முதலில் நிறுவனத்தின் புகார் மையம், பிறகு அதன் மேல்முறையீட்டு அதிகாரி.

சபாபதி (ஓய்வு):
கேரள விதி தாய்ச் சட்டத்தோடு சம்பந்தமே இல்லாதது, அதை நானும் விட்டுவிடுகிறேன். இங்கே சம்பந்தம் இருக்கிறது, அளவுதான் பிரச்சினை. அளவு சரியில்லை என்பதற்காக விதியை முழுதாகத் தூக்குவதா?

இன்னொன்றும் உறுத்துகிறது. டிராய் பொதுக் கருத்துக் கேட்டது. நிறுவனங்கள் எதிர்ப்பை எழுதிக் கொடுத்தன. அதற்கு மேல் என்ன செய்ய வேண்டும்?

இளங்கோ வக்கீல்:
பதில் சொல்ல வேண்டும். 11-வது பிரிவின் 4-வது உட்பிரிவு டிராய் வெளிப்படைத் தன்மையோடு செயல்பட வேண்டும் என்று கட்டாயமாக்குகிறது. நிறுவனங்கள் தவறு யாருடையது என்று கேட்டன, 2 சதவீதத்தைக் காட்டின. விதியோடு வந்த விளக்கக் குறிப்பில் அந்த எதிர்ப்புகளுக்குச் சரியான பதில் இல்லை. கருத்துக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பது கேட்காததற்குச் சமம் என்ற அளவுக்கு நீதிமன்றம் இதைக் கொண்டுபோனது. சட்டத்தின் கீழ் போடப்படும் இதுபோன்ற விதிகளான சார்நிலைச் சட்டங்கள் எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு நடைமுறையை நாடாளுமன்றம் சட்டமாகக் கொண்டுவரலாம், அமெரிக்காவில் இருக்கிறது என்றும் எழுதியது. வரைவாளராக இருந்த நீங்கள்தான் இதன் அருமையைச் சொல்ல வேண்டும் சார். விளக்கக் குறிப்பில் இரண்டு பக்கம் கூடியிருந்தால் பாதி வாதம் அங்கேயே நின்றிருக்கும்.

சபாபதி (ஓய்வு):
விளக்கக் குறிப்பு பலவீனம் என்பது உண்மை, அதைக் கொடுத்துவிடுகிறேன். சரி, நானே மறுபடி வரைகிறேன். 2 சதவீதத்தைத் தாண்டிய மாதத்தில் மட்டும், அந்தச் சேவைப் பகுதியில் மட்டும் 1 ரூபாய். அழைப்பவரின் கைப்பேசியால் துண்டானது என்று நிறுவனம் பதிவேட்டைக் காட்டி நிரூபித்தால் விலக்கு. இது நிற்குமா?

இளங்கோ வக்கீல்:
தவறு யாருடையது என்ற ஓட்டை அடைபடுகிறது, 2 சதவீத முரணும் போகிறது. இதைத் தன்னிச்சை என்று தாக்குவது கஷ்டம். ஆனால் நேரடியாக இழப்பீடு வழங்கச் சொல்லும் அதிகாரம் 36-ல் இருக்கிறதா, தரத்தை மீறியதற்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் மட்டும்தானா என்று நிறுவனங்கள் மறுபடியும் கேட்கும். நான் அவர்கள் தரப்பில் இருந்தால் அங்கேதான் அடிப்பேன்.

புவனா:
அப்படியென்றால் சராசரி தாண்டாத பகுதியில் பத்துக்கு நான்கு அறுகிற ஆளுக்கு சபாபதி சாரின் வரைவிலும் ஒன்றும் இல்லையே?

சபாபதி (ஓய்வு):
இல்லை. அதனால்தான் பழைய விதியை இன்னும் விட மனசில்லை.