ஷேடோ டைரக்டர், டி ஃபாக்டோ டைரக்டர்: தமிழில் என்ன சொல்லலாம்?

மீனாட்சி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நொடித்துப்போன கம்பெனிகளைப் பற்றிய ஒரு கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் இங்கிலாந்துச் சட்டம். இரண்டு சொற்களில் வண்டி நிற்கிறது. இயக்குநர்கள் யார் சொற்படி நடந்து பழகியிருக்கிறார்களோ, அவர் ஷேடோ டைரக்டர். நியமனம் இல்லாமலே இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர் டி ஃபாக்டோ டைரக்டர். நிழல் இயக்குநர், நடைமுறை இயக்குநர் என்று எழுதி வைத்தேன். படித்துப் பார்த்த என் தம்பி, "நிழல் இயக்குநர்னா வேற ஒருத்தர் பேர்ல படம் எடுத்துக் குடுக்கிறவரா?" என்று கேட்டான். அவன் பி.காம் படித்தவன். அதனால்தான் கவலை.

சுப்பையா எழுதியது:

புதுச்சொல் எதற்கு அம்மா? பினாமி என்று ஊரே சொல்கிறது. பினாமி இயக்குநர் என்று போட்டால் டீக்கடையில்கூடப் புரியும்.

கோமதி எழுதியது:

சுப்பையா அண்ணா, புரியும்தான், ஆனால் ஆளை மாற்றிப் பிடித்துவிடுவோம். பினாமி என்பது முன்னால் நிற்பவர். பத்திரத்தில் பெயர் இருக்கும், பொருள் அவருடையது இல்லை. மீனாட்சி கேட்பது பின்னால் இருப்பவரை. பினாமி இயக்குநர் என்றால் முறைப்படி நியமனமாகி, கேட்ட இடத்தில் கையெழுத்துப் போடும் யாரோ ஒரு மருமகப் பையன்தான் நினைவுக்கு வருவான். அவனுக்குச் சட்டத்தில் தனிப்பெயர் வேண்டாம், அவன் ஏற்கெனவே இயக்குநர்.

நான் கம்பெனி செக்ரட்டரி. ஒரு நூல் வியாபாரக் கம்பெனியின் கோப்பு ஒருமுறை என்னிடம் வந்தது. இரண்டு இயக்குநர்கள், அண்ணன் தம்பி. செவ்வாய்க்கிழமை நடந்த போர்டு மீட்டிங்கின் மினிட்ஸில், எந்தக் கடன்காரருக்கு முதலில் பணம் தருவது என்று விரிவாகப் பேசி முடிவெடுத்ததாக இருந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு, ஞாயிறு காலை, அவர்களின் மாமா அனுப்பிய வாட்ஸப் செய்தியில் அதே பட்டியல், அதே வரிசை, அதே தொகைகள். ஒரு மாதம் மட்டும் இல்லை, ஏழு மாதமாக அப்படியே. பதிவேட்டில் மாமா பெயர் எங்கும் கிடையாது. சட்டம் தேடுவது இந்தத் திரும்பத் திரும்ப நடப்பதைத்தான். ஒருநாள் சொன்ன யோசனை போதாது; போர்டு அவர் சொல்லைக் கேட்டே நடக்கும் பழக்கம் உருவாகியிருக்க வேண்டும்.

நிழல் என்ற சொல்லில் இன்னொரு சிக்கல். அது ஒளிந்திருப்பவரைக் காட்டுகிறது. 2000-ல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் டெவரெல் வழக்கில் இதைத் தெளிவாக்கியது. யூரோ எக்ஸ்பிரஸ் என்ற பயணக் கம்பெனி சம்பந்தப்பட்டது. ஷேடோ டைரக்டர் நிழலில் பதுங்கியிருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை, வெளிப்படையாகவே உட்கார்ந்து சொல்லலாம். போர்டு சொந்தப் புத்தியை முழுக்க அடகு வைத்திருக்கவும் வேண்டாம். கட்டளை தொனியில் இல்லாமல் ஆலோசனையாகச் சொன்னாலும் அது சேரலாம். ஆகவே தலையாட்டி பொம்மை, பொம்மலாட்டம் என்று யாராவது சொல் கொண்டுவந்தால் இப்போதே மறுத்துவிடுகிறேன்.

செந்தில் எழுதியது:

எனக்குப் பயமாக இருக்கிறது. மாமனார் என் கம்பெனிக்கு 40 லட்சம் கடன் கொடுத்திருக்கிறார். மாதாமாதம் கணக்குப் பார்ப்பார். கடன் தீரும்வரை புது மெஷின் வாங்கக் கூடாது என்று எழுதி வாங்கியிருக்கிறார். அவர் நிழல் இயக்குநர் ஆகிவிட்டாரா? ஆடிட்டரும் எல்லாவற்றிலும் கருத்துச் சொல்கிறார், அவருமா?

கோமதி எழுதியது:

செந்தில் தம்பி, ஆடிட்டர் தன் தொழில்முறையில் சொல்லும் ஆலோசனைக்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. அதைத் தாண்டி அவரே யாருக்குச் செக் போடுவது என்று நடத்த ஆரம்பித்தால் அந்த விலக்கு காப்பாற்றாது.

மாமனார் கடன் கொடுத்தவர். பணம் போட்டவர் நிபந்தனை வைப்பார். ஏற்பதா, வேறு இடத்தில் கடன் வாங்குவதா என்பது உங்கள் முடிவு. அதுமட்டும் இருந்தால் அவர் வெறும் கடன் கொடுத்தவர்தான். யாரை வேலைக்கு எடுப்பது, எந்த ஆர்டரை விடுவது என்றெல்லாம் அவர் சொல்ல, நீங்கள் மறுபேச்சில்லாமல் செய்துகொண்டே போனால் கதை மாறும். கோடு எங்கே என்று அங்குலக் கணக்கில் யாரும் சொல்ல முடியாது. உங்கள் கோப்பைப் பார்க்காமல் நானும் சொல்ல மாட்டேன்.

தர்ஷினி எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே டைரக்டருக்குப் பணிப்பாளர் என்றுதான் சொல்லுவோம், சினிமாக் குழப்பமே வராது. பணித்தல் என்றால் கட்டளையிடுதல். யோசித்துப் பாருங்கள்: இந்த ஆள் பணிப்பாளர்களையே பணிக்கிறவர். நிழலை விட்டுவிட்டு, அந்த வினையைப் பிடித்தால் என்ன?

கோமதி எழுதியது:

தர்ஷினி, நான் தேடிக்கொண்டிருந்தது இதுதான். இயக்குநருக்கும் அதே வினை இருக்கிறது: பின்னின்று இயக்குபவர். இயக்குநர் என்று முடியாமல் இயக்குபவர் என்று முடிவதில் எனக்கு ஒரு நன்மை தெரிகிறது. இந்தியாவின் 2013 கம்பெனிச் சட்டத்தில் இயக்குநர் என்றால் போர்டுக்கு நியமிக்கப்பட்டவர் மட்டுமே, பிரிவு 2(34). பழைய 1956 சட்டத்தில், எந்தப் பெயரில் அழைத்தாலும் அந்தப் பதவியில் இருப்பவர் இயக்குநரே என்று இருந்தது; அந்த வரி போய்விட்டது. ஆனால் பின்னால் இருப்பவர் தப்பவில்லை. பிரிவு 2(60)-ல், தவறுக்குப் பொறுப்பான அலுவலர் பட்டியலில், போர்டு யாருடைய ஆலோசனை, கட்டளைப்படி நடந்து பழகியிருக்கிறதோ அவரும் வருகிறார். அதாவது இங்கே அவரை இயக்குநர் என்று அழைக்காமலே பொறுப்பாக்குகிறார்கள். நிழல் இயக்குநர் என்று எழுதினால் இந்திய வாசகர் அவரை இயக்குநர் என்றே எடுத்துக்கொள்வார்.

மீனாட்சி எழுதியது:

பின்னின்று இயக்குபவர், எடுத்துக்கொண்டேன். சிங்கப்பூர்ச் சட்டத்துக்கும் பொருந்துமா? அங்கே இயக்குநர்களில் பெரும்பாலோர் ஒருவர் சொற்படி நடந்தாலே அவர் இயக்குநர் என்ற வரையறைக்குள் வந்துவிடுவார் என்று படித்தேன். சரி, டி ஃபாக்டோ? நடைமுறை இயக்குநரை வைத்துக்கொள்ளலாமா?

கோமதி எழுதியது:

பொருந்தும். அங்கே அவர் இயக்குநராகவே கருதப்படுகிறார் என்பதை வாக்கியத்தில் சொல்லிக்கொள்ளலாம், சொல்லில் திணிக்க வேண்டாம்.

டி ஃபாக்டோவுக்குச் செயல் இயக்குநர் வேண்டாம், அது எக்ஸிக்யூட்டிவ் டைரக்டருக்குப் போய்விட்டது. நடைமுறை பரவாயில்லை. ஆனால் இரண்டு சொல்லும் நேர் எதிர் என்று தோன்றும்படி வைக்காதீர்கள். 1990-களில் ஹைட்ரோடாம் வழக்கில் நீதிபதி மில்லெட், ஒருவர் ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் மற்றொன்றாக இருக்க முடியாது என்றார். பிறகு அந்தச் சுவர் கரைந்துவிட்டது. 2010-ல் ஹாலண்ட் வழக்கு இங்கிலாந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. 42 கம்பெனிகள், அவற்றின் ஒரே இயக்குநர் இன்னொரு கம்பெனி, அந்தக் கம்பெனியின் இயக்குநர் ஹாலண்ட். எல்லாவற்றையும் நடத்தியவர் அவர்தான். ஆனாலும் 3-க்கு 2 என்ற கணக்கில், அவர் செய்ததெல்லாம் இயக்குநர் கம்பெனியின் இயக்குநராகச் செய்தது, எனவே அந்த 42-க்கும் டி ஃபாக்டோ டைரக்டர் அல்ல என்று முடிவானது. நடைமுறை என்று படிக்கும் தமிழ் வாசகருக்கு, நடைமுறையில் நடத்தியவர் அவர்தானே என்று படும். இங்கே சொல் கொஞ்சம் வழுக்குகிறது.

சுப்பையா எழுதியது:

பினாமியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நியமனமிலா இயக்குநர்?

கோமதி எழுதியது:

அந்த நூல் கம்பெனி மாமா ரகமும் நியமனம் இல்லாதவர்தானே அண்ணா, இரண்டுபேரும் அதற்குள் நுழைந்துவிடுவார்கள். இயக்குநர் நாற்காலி என்பதுதான் வேறுபாடு. பதவிவகி இயக்குநர் என்று ஒன்று தோன்றியது, ஆனால் காதுக்கு உறுத்துகிறது.

மீனாட்சி எழுதியது:

இந்தப் பதிப்பில் நடைமுறை இயக்குநர் என்றே விடுகிறேன், ஹாலண்ட் வழக்கை அந்த இடத்திலேயே ஒரு பத்தியாக எழுதுகிறேன். மாமாவின் ஞாயிற்றுக்கிழமைச் செய்தியை, ஊர் அடையாளம் ஏதும் இல்லாமல், பின்னின்று இயக்குபவருக்கு உதாரணமாகப் போடலாமா கோமதி அக்கா?