சிறுகதைக்காக ஒரு சந்தேகம்: சுவாதி இரண்டாம் பாதமா, மூன்றாம் பாதமா?

கதையெழுதி:
வணக்கம். நான் எழுதிவரும் சிறுகதையில், மயிலாப்பூரில் வாழும் ஒரு பாட்டி, ஆனி மாதத்தில் பிறந்த பேரனுக்கு வாக்கியப் பஞ்சாங்கம் பார்த்துப் பெயரின் முதலெழுத்தைத் தேர்கிறார். புதன்கிழமை இரவு, கடிகாரப்படி வியாழன் அதிகாலை 1.24 மணிக்குக் குழந்தை பிறக்கிறது. புதனன்று சித்திரை 18 நாழிகை வரை, வியாழனன்று சுவாதி 20 நாழிகை வரை என்று பஞ்சாங்கத்தில் இருப்பதாக நானே அமைத்துக்கொண்டேன். சூரிய உதயத்தை 6 மணியாக வைத்துப் பாட்டி இரண்டாம் பாதம் என்றும், எழுத்து 'ரே' என்றும் சொல்கிறார். தாய்மாமனோ பாதத்துக்கு 6 மணி நேரம் என்று வகுத்து, மூன்றாம் பாதம், 'ரோ' என்கிறான். பாட்டியின் கணக்கு வெல்ல வேண்டும் என்பது என் எண்ணம். பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவர் படித்தால் இது நிற்குமா?

வாசகர் 1:
மணியை இரண்டரையால் பெருக்கினால் நாழிகை வரும். ஆகவே 6 மணியிலிருந்து 19 மணி 24 நிமிடம் என்பது 48½ நாழிகை. ஆனால் பிறந்த தேதி வியாழன் என்பதால் வியாழன் பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். அங்கே சுவாதி 20 நாழிகையில் முடிந்துவிடுவதால் குழந்தை விசாகம் இரண்டாம் பாதம், எழுத்து 'து'. பாட்டி, மாமன் இருவர் கணக்குமே தவறு.

பழைய பஞ்சாங்கம்:
முந்தைய பதிலில் நாழிகைக் கணக்கு சரி, பக்கம் சரியில்லை. பஞ்சாங்கத்தில் நாள் என்பது உதயம் முதல் மறு உதயம் வரை என்பதால், அதிகாலை 1.24 இன்னும் புதன்கிழமைதான். அவர் வியாழன் உதயத்துக்குப் பிந்தைய 48½ நாழிகையைப் பார்க்கிறார்; அதற்குள் ஒரு முழு நாள் கடந்துவிடும்.

இனிப் பாட்டியின் கணக்கைப் பார்ப்போம். புதனன்று சித்திரை முடிந்த பிறகு 42 நாழிகை, மறுநாள் 20 நாழிகை, ஆகச் சுவாதியின் முழு அளவு 62 நாழிகை. அதை நான்காக வகுத்தால் பாதம் ஒன்றுக்குப் பதினைந்தரை. பிறக்கும்போது சுவாதியில் சென்றது 48½ கழித்தல் 18, அதாவது 30½ நாழிகை. இரண்டாம் பாதம் 31 நாழிகையில் முடிகிறது என்பதால், பாட்டி சொல்வது அரை நாழிகை, அதாவது 12 நிமிட வித்தியாசத்தில் நிற்கிறது. மாமன் நட்சத்திரத்தை 60 நாழிகை என்று வைத்ததால் பாதம் 15 ஆகி, 30-ஐத் தாண்டிவிட்டது. நட்சத்திரத்தின் அளவு நாளுக்கு நாள் மாறும் என்பதை அவன் கருதவில்லை.

சிக்கல் இதற்கு மேல்தான் இருக்கிறது. ஆனி மாதத்தில் சென்னையில் சூரியன் ஏறக்குறைய 5.43 மணிக்கே உதிக்கும். அந்த 17 நிமிடத்தைச் சேர்த்தால் சென்ற நாழிகை 31-ஐச் சற்றே கடந்து, மூன்றாம் பாதம் வந்துவிடுகிறது. முறை தெரியாத மாமனின் விடை சரியாகவும், முறை தெரிந்த பாட்டியின் விடை பிழையாகவும் ஆகும். என்னைக் கேட்டால் இதுவே உங்கள் திட்டத்தைவிட நல்ல கதை. பாட்டிதான் வெல்ல வேண்டுமென்றால் கதையைத் தை மாதத்துக்கு மாற்றுங்கள். அப்போது உதயம் ஆறரைக்கு அருகில் இருப்பதால் இரண்டாம் பாதம் அசையாது.

திருவாதிரை அம்மா:
என் மகள் திருவாதிரை மூன்றாம் பாதம். எழுத்து 'ங' என்று சொல்லிவிட்டார்கள். அந்த எழுத்தில் யார் பெயர் வைக்க முடியும்? கதையில் வரும் பாட்டி இதற்கு என்ன சொல்வார்?

பழைய பஞ்சாங்கம்:
அம்மா, அந்த நிலையில் பலரும் அதே நட்சத்திரத்தின் வேறொரு பாதத்து எழுத்தை எடுத்துக்கொள்கிறார்கள். திருவாதிரைக்கு 'கு', 'க', 'ச' இருக்கின்றன. எங்கள் வீட்டில் தாத்தாவின் பெயரையே வைத்துவிட்டு, எழுத்துக்கு ஏற்ற பெயரைக் காதில் மட்டும் சொன்னதும் உண்டு.

மருத்துவமனைப் பணியாளர்:
கணக்கு இத்தனை நுணுக்கமாக இருக்கும்போது 1.24 என்ற நேரத்தை எழுதியவர் யார்? குழந்தை முழுதாக வெளிவந்த நேரத்தை எழுத வேண்டும். ஆனால் அவசரத்தில் சில நிமிடங்கள் கழித்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதுவதை நான் கண்டிருக்கிறேன். அந்தக் கடிகாரமும் சரியாக ஓடியிருக்க வேண்டும். உங்கள் கதையில் எழுத்து மாற ஐந்து நிமிடமே போதும் போலிருக்கிறது.

கதையெழுதி:
அனைவருக்கும் நன்றி. ஆனி மாதத்தையே வைத்துக்கொள்கிறேன். உதய நேரத்தை மாமன் தினசரி நாட்காட்டியில் பார்த்துச் சொல்வான். இன்னொரு சந்தேகம் மீதமிருக்கிறது. குழந்தையின் அப்பா வீட்டார் திருக்கணிதம் பார்ப்பவர்கள் என்று எழுதியிருக்கிறேன். அதில் சுவாதி முடியும் நேரம் வேறாக இருக்கும் அல்லவா?

பழைய பஞ்சாங்கம்:
வேறாக இருக்கும். மணிக்கணக்கிலும் விலகலாம் என்பதால், பாதம் மட்டுமல்ல, சில நாட்களில் நட்சத்திரமே மாறிவிடும். எதை ஏற்பது என்பது அந்தந்தக் குடும்பத்து வழக்கம். பெயர் வைக்கும் நாளில் இரு வீட்டாரும் ஒரே கூடத்தில் இருப்பார்கள் என்பதால், அதை நீங்கள்தான் எழுதித் தீர்க்க வேண்டும்.