புதுப்பிப்பு: பே ஸ்லிப்புக்குப் பதிலாக நான் அனுப்பியது

அன்று கேட்டது: "கொழும்புக் கொம்பனி ஒன்று கடைசி மூன்று மாத பே ஸ்லிப் கேட்குது. அதை வெளியில காட்டக்கூடாதெண்டு என்ர ஒப்பந்தத்தில இருக்கு. மனம் நோகாமல் எப்படிச் சொல்றது?"

திருகோணமலையிலிருந்து மறுபடி எழுதுறன். வங்கிக் கூற்று மட்டும் போதுமெண்டு தம்பி ஒருவர் சொன்னார். அதில கழிவுகள் போக வாற தொகைதான் தெரியும். ஐயா ஒருவர் தன்ர வங்கிக் கடனுக்கு ஸ்லிப் குடுத்த கதையைச் சொன்னார். அது வேற விஷயம். உப்புவெளி ஹோட்டலில ஆளணிப் பிரிவில இருந்த அக்காதான் வழி காட்டினா: ஈபிஎஃப் கூற்று.

சம்பளத்தில ஊழியர் 8, முதலாளி 12, மொத்தம் 20 வீதம் அதுக்குப் போகும். ரெண்டும் சேர்ந்த என்ர மாதப் பங்களிப்பு 17,000 ரூபா. அதை ஐந்தால் பெருக்கினால் சம்பளம் 85,000. ஓவர்டைம் இதில சேராது, அதையும் ஒளிக்காமல் சொல்லச் சொன்னா.

எழுதினது இதுதான்: "வணக்கம். பே ஸ்லிப்பைப் பகிர என் ஒப்பந்தம் அனுமதிக்கவில்லை, மன்னிக்கவும். பதிலாக ஈபிஎஃப் கூற்றையும், சம்பள வரவு தவிர மற்றவற்றை மறைத்த வங்கிக் கூற்றையும் இணைத்துள்ளேன். ஓவர்டைம் இதற்கு வெளியே."

மறைச்சதை மறைச்சதெண்டே சொல்லவேணும். இல்லாட்டி திருத்தின ஆவணமெண்டு சந்தேகம் வரும்.

கணக்கை ஏற்றுக்கொண்டினம். ஆனால் ஓவர்டைமுக்கு அத்தாட்சி கேட்கினம். அதுக்கு இன்னும் பதில் எழுதேல்லை.