ஒரே கையெழுத்து, ஐந்து என்கொயரி: எனக்கு நடந்தது, உங்களுக்கு?

கயல்:
பழைய கார் ஒன்று பார்த்தோம். பிடித்துவிட்டது. கடையிலேயே லோன் ஏஜென்ட் ஒருவர் உட்கார்ந்திருந்தார். "மேடம், பேன் கார்டு, ஆதார், மூணு மாச சம்பள ஸ்லிப் குடுங்க, மீதி நான் பாத்துக்கறேன்" என்றார். படிவத்தில் வங்கியின் பெயர் எழுதும் இடம் காலியாக இருந்தது. கேட்டேன். "அது அப்புறம் நிரப்பிக்கலாம்" என்றார். கையெழுத்துப் போட்டேன். தப்பு அங்கேதான்.

காரைச் சுற்றி இன்னொரு தடவை பார்த்துக்கொண்டிருக்கும்போதே போனில் எஸ்.எம்.எஸ். வர ஆரம்பித்தது. உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டை இன்ன நிறுவனம் பார்த்திருக்கிறது என்று. ஒன்று, இரண்டு, சாயங்காலத்துக்குள் ஐந்து. ஏதோ விளம்பரம் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

முதல் இரண்டு இடத்தில் நிராகரித்தார்கள், பழைய வண்டியின் வயது காரணமாம். மற்ற மூன்று இடத்தில் "பார்க்கிறோம்" என்றே நாள் போனது. சரி என்று என் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியின் ஆப்பில் நானே விண்ணப்பித்தேன். பத்து வருடப் பழக்கம், ஒரு ஈ.எம்.ஐ. கூடத் தவறியதில்லை. அங்கேயும் இல்லை என்றுவிட்டார்கள். கிரெடிட் ஸ்கோர் 768 இருந்தது, இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் 741. ஐந்து பேர் எட்டிப் பார்த்ததற்கு 27 புள்ளியா? யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

சும்மா ஒரு வாசகி:
இதற்காகத்தான் நான் என் ஸ்கோரைப் பார்ப்பதே இல்லை அக்கா. பார்க்கப் பார்க்கக் குறையும் என்று என் மாமா சொல்லியிருக்கிறார். மூன்று வருடமாகத் தொடவில்லை.

பழைய ஃபைல்:
நான் கடன் பிரிவில் பல வருடம் ஃபைல் பார்த்தவன். முதலில் வாசகி அம்மாவுக்கு: உங்கள் ரிப்போர்ட்டை நீங்களே எடுத்துப் பார்ப்பது சாஃப்ட் என்கொயரி. ஸ்கோர் அதைக் கணக்கில் எடுக்காது, கடன் கொடுப்பவர் கண்ணிலும் அது படாது. ஏற்கெனவே உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கி, லிமிட்டைக் கூட்டலாமா என்று உள்ளுக்குள் பார்ப்பதும் பெரும்பாலும் அப்படித்தான். நீங்கள் புதிதாகக் கடன் கேட்டு, அதை முடிவு செய்ய ஒருவர் ரிப்போர்ட்டை இழுத்தால்தான் ஹார்டு. மாமா இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார். நம் கடன் வரலாற்றைச் சேர்த்து வைக்கும் நாலு கிரெடிட் பீரோக்களும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. தாராளமாக எடுங்கள்.

கயல் அவர்களே, ஏஜென்ட்கள் இதை "லாகின்" என்பார்கள். ஃபைலை ஐந்து இடத்தில் லாகின் பண்ணிவிட்டால் எது முதலில் சாங்ஷன் ஆகிறதோ அதில் அவருக்குக் கமிஷன். அவருக்குச் செலவே இல்லை, ஒவ்வொரு என்கொயரியும் ஒரு வரியாக விழுவது உங்கள் ரிப்போர்ட்டில். கடைசிப் பக்கத்தில் என்கொயரிப் பகுதியைப் பாருங்கள். யார், எந்தத் தேதி, எதற்காக, எவ்வளவு தொகை என்று நாலு விஷயம் இருக்கும். அதோடு ஒன்று சொல்லுங்கள், காருக்கு அட்வான்ஸ் எதில் கட்டினீர்கள்?

கயல்:
இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன் சார். ஐந்து வரியும் ஒரே தேதி, எல்லாவற்றிலும் யூஸ்டு கார் லோன், 6 லட்சம். ஆறாவது வரி என் வங்கி, ஒன்பது நாள் கழித்து, அதே 6 லட்சம். அட்வான்ஸ் கிரெடிட் கார்டில் கட்டினேன். லிமிட் ஒரு லட்சம். வழக்கமாக 18,000 போல நிற்கும், இந்த மாதம் 72,000.

கடல்தாண்டி:
பயப்படவே வேண்டாம். 45 நாளுக்குள் எத்தனை இடத்தில் கேட்டாலும் ஒரே என்கொயரியாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். நான் இங்கே அமெரிக்காவில் கார் வாங்கியபோது ஏழு இடத்தில் வட்டி கேட்டேன், ஸ்கோர் அசையக்கூட இல்லை. உங்கள் பிரச்சினை வேறு ஏதோ.

பழைய ஃபைல்:
கடல்தாண்டி தம்பி சொல்வது அவர் ஊருக்குச் சரி, அதுவும் பாதிக்குச் சரி. அமெரிக்காவில் ஃபைகோ ஸ்கோரின் புதிய வடிவங்களில் 45 நாள், பழையவற்றில் 14 நாள். வீட்டுக்கடன், கார் கடன், படிப்புக் கடனுக்கு மட்டும்தான் இந்தச் சலுகை. கிரெடிட் கார்டுக்கு ஏழு இடத்தில் போட்டால் அங்கேயும் ஏழாகத்தான் எண்ணுவார்கள். ஒரே கார் வாங்க ஏழு பேரிடம் வட்டி விசாரிக்கிறவர் ஏழு கார் வாங்கப்போவதில்லை, அதனால்தான் அந்த ஏற்பாடு. அதை நம்பி நம் ஊரில் ஐந்து இடத்தில் போடாதீர்கள். ஐந்தும் ஐந்து வரியாகவே ரிப்போர்ட்டில் நிற்கும்.

இனி 27 புள்ளி. இதை முழுக்க என்கொயரி தலையில் கட்டமாட்டேன். கார்டு பாக்கி லிமிட்டில் 18 சதவீதத்திலிருந்து 72 சதவீதத்துக்குப் போயிருக்கிறது. என் அனுபவத்தில் அது தனியாகவே ஸ்கோரைக் கீழே இழுக்கும். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வெளியில் இருக்கும் யாராலும் முடியாது. ஆனால் கார்டுப் பணம் கட்டினால் அந்தப் பங்கு அடுத்தடுத்த அப்டேட்டில் திரும்பிவிடும். என்கொயரி வரி அப்படியே இருக்கும், நாளாக ஆகத்தான் அதன் பலம் குறையும்.

கயல்:
சரி சார், ஆனால் 741 ஒன்றும் கெட்ட ஸ்கோர் இல்லையே? பிறகு என் வங்கி ஏன் மறுத்தது?

பழைய ஃபைல்:
இதைத்தான் நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பாருங்கள். என் முன்னால் உங்கள் ரிப்போர்ட். பத்து நாளுக்குள் ஐந்து பேரிடம் தலா 6 லட்சம் கேட்டிருக்கிறீர்கள், இப்போது என்னிடம் ஆறாவது. அந்த ஐந்தில் எது நிராகரிப்பு, எது சாங்ஷன் என்று ரிப்போர்ட் சொல்லாது. என்கொயரி உடனே பதிவாகிவிடும். ஆனால் ஒருவர் கடன் கொடுத்திருந்தால் அந்தக் கணக்கு ரிப்போர்ட்டில் ஏறச் சில வாரம் ஆகலாம். அந்த இடைவெளியில் உங்களுக்குப் புதுக் கடன் எதுவும் இல்லையா, ஒன்று இருக்கிறதா, மூன்று இருக்கிறதா? எனக்குத் தெரியாது. மாதம் எவ்வளவு ஈ.எம்.ஐ. கட்டுவீர்கள் என்பதே தெரியாதபோது எதை வைத்துக் கணக்குப் போடுவது?

அதனால் பல இடங்களில் ஸ்கோருக்கு ஒரு வரம்பு இருப்பது போல, சமீபத்திய என்கொயரி எண்ணிக்கைக்கும் தனியாக ஒரு வரம்பு வைத்திருப்பார்கள். அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், வெளியில் சொல்லவும் மாட்டார்கள். ஆப்பில் போட்டால் அந்த வரம்பில் இயந்திரமே திருப்பி அனுப்பிவிடும். ஆள் பார்க்கும் கிளைக்குப் போயிருந்தால் "ஏன் இத்தனை என்கொயரி, எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டிருப்போம். எல்லாம் ஒரே தேதி, ஒரே தொகை, ஒரே வகைக் கடன் என்பதைப் பார்த்தாலே ஏஜென்ட் வேலை என்று புரிந்துவிடும். நான் அப்படி எத்தனையோ ஃபைலைப் பாஸ் பண்ணியிருக்கிறேன். மாறாக ஒரு மாதத்தில் பர்சனல் லோன் இரண்டு, கார்டு மூன்று, கன்ஸ்யூமர் லோன் ஒன்று என்று கலந்துகட்டி இருந்தால் அந்த ஆள் பணத்துக்குத் திண்டாடுகிறார் என்று அர்த்தம். எண்ணிக்கை இரண்டிலும் ஆறுதான்.

டெலிவரி தம்பி:
எனக்கு ஏஜென்ட் கூட இல்லண்ணா, நானேதான் குழி வெட்டிக்கொண்டேன். ஒரு ஆப்பில் "உங்களுக்குத் தகுதி உண்டா பார்க்கலாம், ஸ்கோர் குறையாது" என்று போட்டிருந்தது. பார்த்தேன், 80,000 வரை கிடைக்கும் என்றது. தொடரவும் என்று அமுக்கினேன், ஓ.டி.பி. போட்டேன், நிராகரிப்பு. கோபத்தில் இன்னொரு ஆப். அதிலும் அதேதான். ஒரே ராத்திரியில் நாலு. முதல் ஸ்கிரீன் வரைக்கும் சாஃப்ட், ஓ.டி.பி.க்குப் பிறகு ஹார்டு என்று பிறகுதான் விளங்கியது. ஓ.டி.பி. கட்டத்துக்கு மேலே சின்ன எழுத்தில் சம்மதம் என்று இருந்ததை யார் படித்தார்கள்? நாலாவது ஆளுக்கு என் மேல் முதல் மூன்று பேரின் கறையும் இருந்தது. வண்டி ரிப்பேருக்குக் கேட்டது 15,000, அதைக் கடைசியில் அண்ணன் கொடுத்தார்.

பழைய ஃபைல்:
தம்பி, எல்லா ஆப்பிலும் அந்தக் கோடு ஓ.டி.பி.யில்தான் விழும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். சிலவற்றில் முதல் ஸ்கிரீனிலேயே எடுத்துவிடுவார்கள். சம்மத வாசகத்தில் எத்தனை நிறுவனத்துக்கு அனுமதி கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். "எங்கள் கூட்டாளிகள்" என்று பன்மையில் இருந்தால் நான் அங்கேயே நிறுத்திவிடுவேன்.

சும்மா ஒரு வாசகி:
தைரியம் வந்து என் ரிப்போர்ட்டை எடுத்தேன் சார். ஸ்கோர் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் போன வருடம் ஒரு நிறுவனம் பர்சனல் லோன் என்று என்கொயரி போட்டிருக்கிறது. அந்தப் பெயரையே நான் கேள்விப்பட்டதில்லை! கடன் கணக்கு எதுவும் திறக்கவில்லை.

பழைய ஃபைல்:
பீரோவின் தளத்தில் டிஸ்பியூட் போடுங்கள், அந்த நிறுவனத்துக்கும் எழுதிக் கேளுங்கள். 30 நாளில் தீர்க்க வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி சொன்னது. கயலுக்கு வந்த எஸ்.எம்.எஸ். கூட அந்த மாற்றங்களில் ஒன்றுதான், 2024 ஏப்ரல் கடைசியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. மற்ற மூன்று பீரோ ரிப்போர்ட்டையும் எடுங்கள் அம்மா. யாரோ உங்கள் பேன் எண்ணை வைத்து முயன்றிருந்தால் ஒரு இடத்தோடு நிற்காது.

கயல்:
நான்கு மாதம் கழித்து வருகிறேன். அந்தக் காரை விட்டுவிட்டோம், அட்வான்ஸில் கொஞ்சம் பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள். கார்டு பாக்கியைக் கட்டி 15,000க்குக் கொண்டுவந்தேன், இடையில் எங்கேயும் விண்ணப்பிக்கவில்லை. ஸ்கோர் 763. என் வங்கிக்கே நேரில் போய், அந்த ஐந்து வரியையும் அச்செடுத்து, ஏஜென்ட் கதையை அரைப்பக்கம் எழுதிக் கொடுத்தேன். வேறொரு காருக்கு சாங்ஷன் ஆகிவிட்டது. அந்த அதிகாரி அரைப்பக்கத்தைப் படித்தாரா, நாலு மாதம் ஆனதால் கொடுத்தாரா, தெரியவில்லை.

ஐந்து என்கொயரிக்கும் டிஸ்பியூட் போட்டேன். நாலு பேர் என் கையெழுத்தோடு படிவத்தைக் காட்டிவிட்டார்கள், என்ன சொல்வது? ஐந்தாவது படிவத்தில் இருப்பது என் கையெழுத்தே இல்லை. அது இன்னும் நடக்கிறது.

டெலிவரி தம்பி:
அக்கா, அந்த ஐந்தாவது படிவத்தை எப்படி வாங்கினீர்கள்? எனக்கும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது.

கயல்:
அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் போட்டு, "நான் கொடுத்த சம்மதத்தின் நகல் வேண்டும்" என்று கேட்டேன் தம்பி. மூன்றாவது மெயிலுக்குத்தான் பதில் வந்தது.